‘மேக்’கா, ‘டூ’வா? பெயர்ச்சொல்லைக் கேளுங்கள்

என் அக்காள் மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சென்ற விடுமுறையில் பகுதிநேர வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தான். அதற்காக எழுதிய தன்விவரக் குறிப்பில், புதிய மாணவர்களுக்கான அறிமுக முகாமில் தான் ஆற்றிய பணியைப் பெருமையோடு குறிப்பிட்டிருந்தான். ‘ஐ டிட் த குவிஸ்’ என்பது அந்த வரி.

நேர்முகத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி அதைப் படித்துவிட்டு, “அப்படியா, எத்தனை மதிப்பெண் வாங்கினீர்கள்?” என்று கேட்டாராம்.

இவனுக்குத் திகைப்பு. அந்தப் புதிர்ப்போட்டிக்கு நாற்பது கேள்விகளை உட்கார்ந்து தயாரித்தவனே இவன்தான். அவர் காதில் விழுந்ததோ, “நான் அந்தப் போட்டியில் விடை எழுதினேன்” என்று. ‘ஐ மேட் த குவிஸ்’ என்று எழுதியிருந்தால் மூன்று வார உழைப்பு ஒரே சொல்லில் தெரிந்திருக்கும்.

“மாமா, இரண்டுக்கும் ‘செய்தேன்’ என்றுதானே அர்த்தம்?” என்று வீட்டுக்கு வந்து கேட்டான். நியாயமான கேள்வி. விடை தமிழிலிருந்தே கிடைக்கும்.

ஒரே ‘செய்’ போதுமான மொழிகள்

தமிழில் தச்சர் மேசை செய்கிறார். அலுவலர் வேலை செய்கிறார். நாம் தவறு செய்கிறோம், உதவி செய்கிறோம், முடிவு செய்கிறோம், வீட்டுப்பாடம் செய்கிறோம். பேச்சில் ‘பண்ணு’ என்ற ஒரு சொல்லே இவை எல்லாவற்றுக்கும் போதும்.

பக்கத்து மொழியான மலாயிலும் இதே நிலைதான். ‘புவாட் கெர்ஜா ரூமா’ என்றால் வீட்டுப்பாடம் செய்வது. ‘புவாட் கெபுத்துசான்’ என்றால் முடிவெடுப்பது. தவறுக்கும் சத்தத்துக்கும்கூட அதே ‘புவாட்’ வரும். ஆகவே தமிழும் மலாயும் பேசி வளர்ந்த ஒருவர் ஆங்கிலத்துக்கு வரும்போது, இதுவரை ஒன்றாக இருந்த சொல்லை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிரிவுக்கோடு எங்கே விழுகிறது என்று தெரியாததால்தான் ‘டிட் எ மிஸ்டேக்’ என்றும் ‘மேட் மை ஹோம்வொர்க்’ என்றும் எழுதிவிடுகிறோம்.

ஆனால், பெயர்ச்சொல்லுக்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடுப்பது நமக்குப் புதிய பழக்கமா? இல்லவே இல்லை. ‘செய்’ நுழைய முடியாத இடங்கள் தமிழிலும் உண்டு. பாட்டி வாசலில் கோலம் போடுகிறார், கோலம் செய்வதில்லை. தம்பி பொய் சொல்கிறான், பொய் செய்வதில்லை. “அவன் பொய் செய்தான்” என்று யாராவது சொன்னால் கருத்து நமக்குப் புரியும். ஆனால், பேசியவர் தமிழை வேறு வழியாகக் கற்றவர் என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். ‘டிட் எ மிஸ்டேக்’ என்ற தொடர் ஆங்கிலம் பேசுபவரின் காதில் விழும் விதமும் அதுதான்.

இன்னொரு சோடியைப் பாருங்கள். மாணவர் பரீட்சை எழுதுகிறார். ஆசிரியர் பரீட்சை வைக்கிறார். “நேற்று நான் பரீட்சை வைத்தேன்” என்று மாணவர் சொன்னால், அது வெறுமனே காதுக்கு ஒவ்வாத தமிழ் அல்ல. இலக்கணப்படி முழுமையான வாக்கியம். ஆனால், சொல்ல வந்த செய்தியே மாறிவிட்டது. அக்காள் மகனுக்கு நேர்ந்தது இந்த இரண்டாவது வகை விபத்து.

அதாவது, ‘மேக்’கையும் ‘டூ’வையும் இடம் மாற்றினால் இரண்டில் ஒன்று நடக்கும். சில இடங்களில் வாக்கியம் வேறொன்றைச் சொல்லும். சில இடங்களில் எதையும் புதிதாகச் சொல்லாது. தவறாக மட்டும் ஒலிக்கும். இந்த இரண்டையும் தனித்தனியே பார்த்தால் குழப்பம் பாதி தீரும்.

மாற்றினால் பொருள் மாறும் இடங்கள்

‘குவிஸ்’, ‘டெஸ்ட்’, ‘எக்சர்சைஸ்’, ‘பஸில்’ போன்ற சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவை எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் உண்டு. ஒருவர் உருவாக்குகிறார்; இன்னொருவர் அதில் இறங்கிச் செய்து முடிக்கிறார். உருவாக்குபவருக்கு ‘மேக்’. செய்து முடிப்பவருக்கு ‘டூ’. ஆசிரியர் ‘மேட் எ டெஸ்ட்’; மாணவர் ‘டிட் எ டெஸ்ட்’.

இதிலிருந்து நமக்கு ஒரு நல்ல சோதனைக் கேள்வி கிடைக்கிறது: நான் கைவைப்பதற்கு முன்பே அது இருந்ததா, நான் கைவைத்த பிறகுதான் உண்டானதா?

வீட்டுப்பாடத்துக்கு இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். ஆசிரியர் வெண்பலகையில் எழுதியபோதே அது இருந்துவிட்டது. நீங்கள் அதைச் செய்து முடிக்கிறீர்கள். எனவே ‘டூ ஹோம்வொர்க்’. ‘ஐ மேட் மை ஹோம்வொர்க்’ என்றால், எனக்கான வீட்டுப்பாடத்தை நானே கண்டுபிடித்துக் கொடுத்துக்கொண்டேன் என்பதுபோல் ஒலிக்கும். அதே கேள்வியைத் தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களுக்கும் கூடையில் கிடக்கும் துணிகளுக்கும் போடுங்கள். இரண்டும் முன்பே இருக்கின்றன. ஆகவே ‘டூ த டிஷஸ்’, ‘டூ த லாண்ட்ரி’. ‘மேட் த டிஷஸ்’ என்று சொன்னால், குயவரைப்போல் நீங்களே தட்டுகளைச் செய்ததாக ஆகிவிடும். இல்லையென்றால் விருந்துக்கு அந்தப் பதார்த்தங்களைச் சமைத்ததாக ஆகும்.

இப்போது முடிவு. நீங்கள் முடிவெடுக்கும் முன் அது எங்கும் இல்லை. எடுத்த பிறகு இருக்கிறது. மற்றவர்களிடம் சொல்லலாம், பிறகு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம். ஆகவே ‘மேக் எ டிசிஷன்’. தவறும் அப்படியே. நீங்கள் எழுதும்வரை தாளில் அது இல்லை. எழுதியபின் ஆசிரியரின் சிவப்பு மை அதைச் சுற்றி வட்டமிடுகிறது. ‘மேக் எ மிஸ்டேக்’. சத்தம், பட்டியல், திட்டம், இலாபம், நட்பு ஆகியவையும் நம்மால் உண்டாகின்றவை. அதனால் ‘நாய்ஸ்’, ‘லிஸ்ட்’, ‘பிளான்’, ‘புராஃபிட்’, ‘ஃபிரெண்ட்ஸ்’ ஆகிய ஐந்துக்கும் ‘மேக்’தான்.

வினை ஒளிந்திருக்கும் பெயர்ச்சொற்கள்

‘டிசிஷன்’ என்ற சொல்லுக்குள் ‘டிசைட்’ என்ற வினை இருக்கிறது. ‘சஜெஷன்’ என்பதற்குள் ‘சஜெஸ்ட்’, ‘கம்பிளெயின்ட்’ என்பதற்குள் ‘கம்பிளெயின்’, ‘சாய்ஸ்’ என்பதற்குள் ‘சூஸ்’. இப்படிப்பட்ட பெயர்ச்சொல்லோடு வரும்போது ‘மேக்’ தன் சொந்தப் பொருளில் பெரும்பகுதியை விட்டுவிடுகிறது. வாக்கியத்தின் கனத்தைப் பெயர்ச்சொல்லே சுமக்கிறது. ‘வீ டிசைடட்’ என்றாலும் ‘வீ மேட் எ டிசிஷன்’ என்றாலும் செய்தி ஏறத்தாழ ஒன்றுதான்.

டென்மார்க் மொழியறிஞர் ஓட்டோ ஜெஸ்பர்சன் 1942இல் வெளிவந்த தம் ஆங்கில இலக்கண நூல் பகுதியில் இப்படிப்பட்ட வினைகளை ‘லைட் வெர்ப்’ என்றார். கனமில்லாத வினை என்று சொல்லலாம். தமிழில் ‘முடிவு செய்தான்’, ‘முயற்சி செய்தான்’ என்னும்போது ‘செய்’ வகிக்கும் பாத்திரமும் இதுதான்.

கனமில்லாத வினை என்றால் எதை வேண்டுமானாலும் போடலாமே என்று தோன்றும். நடைமுறை அதற்கு நேர்மாறாக இருக்கிறது. வினையின் பொருள் குறையக் குறைய, ‘இந்தப் பெயர்ச்சொல்லுக்கு இந்த வினை’ என்ற பழக்கமே பிடிமானமாகிவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக அப்படியே சொல்லிச் சொல்லி இரண்டும் ஒட்டிக்கொண்டன. ‘டிட் எ டிசிஷன்’ தவறாக ஒலிப்பதற்கு அந்த ஒட்டுதல் பிரிந்துபோவதே காரணம். இங்கே பொருள் வேறாக மாறவில்லை. சொல் மட்டும் இடறுகிறது.

இந்த ஒட்டுதல் ஊருக்கு ஊர் மாறவும் கூடும். நம் வீடுகளில் காப்பி ‘கலக்கு’கிறோம், தமிழ்நாட்டில் காபி ‘போடு’கிறார்கள். அதேபோல் பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘டேக் எ டிசிஷன்’ என்றும் எழுதுவார்கள். அதைப் படித்தால் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். ஆனால், ‘டூ எ டிசிஷன்’ எந்த ஊரிலும் இல்லை.

எனவே இரண்டாவது சோதனைக் கேள்வி: இந்தப் பெயர்ச்சொல்லுக்குள் பேசுவது, தீர்மானிப்பது, முயல்வது போன்ற ஒரு வினை ஒளிந்திருக்கிறதா? இருந்தால் பெரும்பாலும் ‘மேக்’. ‘மேக் எ புரோமிஸ்’, ‘மேக் எ ஸ்பீச்’, ‘மேக் அன் அட்டெம்ப்ட்’, ‘மேக் அன் எக்ஸ்கியூஸ்’. பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அது கீழே வருகிறது.

ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

உயர்நிலை மூன்றில் படிக்கும் ஒருவர், வகுப்பின் உணவு விற்பனை நாளைப் பற்றி ஆங்கிலக் கட்டுரை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆறு தொடர்கள் இப்படி அமைந்திருக்கின்றன.

வகுப்பு ‘டிட் எ டிசிஷன்’. பிறகு விலைகளைப் பற்றி ‘மேட் எ ரிசர்ச்’. விற்பனையன்று கூடத்தில் ‘டிட் எ லாட் ஆஃப் நாய்ஸ்’. சில்லறை கொடுப்பதில் ஒருவர் ‘டிட் எ மிஸ்டேக்’. மாலையில் பெய்த மழை பதாகைக்கு ‘மேட் டேமேஜ்’. எல்லாம் முடிந்தபின் ‘டிட் எ புராஃபிட்’.

முதல் தொடர்: முடிவு முன்பு இல்லை, பின்பு இருக்கிறது, உள்ளே ‘டிசைட்’ என்ற வினையும் ஒளிந்திருக்கிறது. இரண்டு கேள்விக்கும் ஒரே விடை, ‘மேட் எ டிசிஷன்’. மூன்றாவது, நான்காவது, ஆறாவது தொடர்களும் முதல் கேள்வியிலேயே சரியாகிவிடுகின்றன. சத்தம், தவறு, இலாபம் மூன்றும் அன்று உண்டானவை. ‘மேட் எ லாட் ஆஃப் நாய்ஸ்’, ‘மேட் எ மிஸ்டேக்’, ‘மேட் எ புராஃபிட்’.

இரண்டாவது தொடர்தான் சிக்கலானது. ‘ரிசர்ச்’ என்ற சொல் வினையாகவும் இருப்பதால் ‘மேக்’ வரும் என்று நம் இரண்டாவது கேள்வி சொல்லும். ஆனால், ஆங்கிலம் அதை ஒரு வேலையாகப் பார்க்கிறது. வீட்டுப்பாடத்தைப்போல, துணி துவைப்பதைப்போல, நேரம் எடுத்துச் செய்துகொண்டே போகும் வேலை. எனவே ‘டிட் சம் ரிசர்ச்’. அதில் இன்னொரு பிழையும் இருந்தது. ‘ரிசர்ச்’ பொதுவாக எண்ணிக்கையில் அடங்காத சொல். அதன் முன்னே ‘எ’ வராது. ‘ஒர்க்’, ‘ஹோம்வொர்க்’, ‘ஹவுஸ்வொர்க்’ ஆகியவையும் அப்படியே. வேலையைக் குறிக்கும் இத்தகைய சொல்லைக் கண்டால் ‘டூ’ என்று கைநீட்டுங்கள்; பக்கத்தில் ‘எ’ நுழையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது தொடர், சேதம். அது மழையால் உண்டானதுதானே, ‘மேக்’ வர வேண்டாமா? முதல் கேள்வி இங்கே நம்மைக் கைவிடுகிறது. ஆங்கிலத்தில் ஒருவருக்கோ ஒரு பொருளுக்கோ ஏற்படுத்தும் நன்மை தீமைகள் ‘டூ’வோடு சேர்கின்றன. ‘டூ டேமேஜ்’, ‘டூ ஹார்ம்’, ‘டூ குட்’, ‘டூ எ ஃபேவர்’. தமிழில் ‘அவருக்கு நன்மை செய், தீமை செய்யாதே’ என்று நான்காம் வேற்றுமையோடு சொல்கிறோமே, அதுபோன்ற ஒரு கூட்டம் என்று இவற்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம். யாருக்கு, எதற்கு என்ற கேள்வி எழும் நன்மை தீமை என்றால் ‘டூ’. ஆகவே மழை ‘டிட் டேமேஜ்’.

ஆறு தொடர்களில் நான்கை முதல் கேள்வியே திருத்திவிட்டது. மீதி இரண்டுக்கும் ஒரு கூட்டத்தை அறிந்திருக்க வேண்டியிருந்தது. எந்தக் கேள்விக்கும் எந்தக் கூட்டத்துக்கும் அடங்காத சிலவும் உண்டு. ‘முயற்சி’ என்றால் ‘மேக் அன் எஃபர்ட்’; ஆனால் ‘முடிந்தவரை முயல்’ என்றால் ‘டூ யுவர் பெஸ்ட்’. படுக்கை முன்பே இருக்கிறது. இருந்தும் காலையில் அதை ஒழுங்குபடுத்துவது ‘மேக் த பெட்’. இவற்றைச் சொல்லிச் சொல்லித்தான் பழக வேண்டும்.

சந்தேகம் வந்தால் எங்கே பார்ப்பது?

அகராதியில் ‘மேக்’ என்ற சொல்லைத் தேடாதீர்கள். அதன் பொருள்கள் பல பத்திகளுக்கு நீளும்; படித்து முடிப்பதற்குள் கேள்வியே மறந்துவிடும். பெயர்ச்சொல்லைத் தேடுங்கள். எந்த வினை என்பதைத் தீர்மானிப்பது பெயர்ச்சொல்தான்; விடையும் அதன் கீழேதான் இருக்கும். மாணவர்களுக்கான ஆங்கில அகராதிகளில் ‘மிஸ்டேக்’ என்ற சொல்லின் எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பார்த்தாலே ‘மேக்’ கண்ணில் படும். சொற்சேர்க்கைகளுக்கென்றே 2002இல் முதலில் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் கொலகேஷன்ஸ் அகராதியில், பெயர்ச்சொல்லின் கீழ் அதனுடன் சேரும் வினைகளைத் தனியாகவே தொகுத்திருக்கிறார்கள்.

இணையத்தில் தேடுவோர் ஒரு பொறியைக் கவனிக்க வேண்டும். மேற்கோள் குறிக்குள் `"make homework"` என்று தட்டிப் பாருங்கள். பக்கம் பக்கமாக விடைகள் வரும். அப்படியானால் இது சரிதான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த சொல்லையும் படியுங்கள். ‘மேக் ஹோம்வொர்க் ஃபன்’, ‘மேக் ஹோம்வொர்க் ஈஸியர்’ என்று இருக்கும். அங்கே ‘மேக்’ என்பது ‘ஆக்கு’ என்ற பொருளில் வருகிறது. வீட்டுப்பாடத்தைச் சுவையாக்கு, எளிதாக்கு. நீங்கள் தேடிய தொடரே அது அல்ல. தேடுபொறி எழுத்துகளைத்தான் பொருத்திப் பார்க்கிறது. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதை நாம்தான் பார்க்க வேண்டும். ஒரு தொடருக்குப் பிறகு முற்றுப்புள்ளியோ, ‘யெஸ்டர்டே’ போன்ற காலச்சொல்லோ வருகிற எடுத்துக்காட்டுகளை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

குறிப்பேட்டில் எழுதிவைப்பதிலும் ஒரு சிறு மாற்றம் உதவும். ‘மேக்’ என்று தலைப்பிட்டு இருபது சொற்களையும் ‘டூ’ என்று தலைப்பிட்டு இருபது சொற்களையும் எழுதினால், தேர்வு நேரத்தில் இரண்டு பட்டியலும் மனத்தில் கலந்துவிடும். அதற்குப் பதிலாக, ‘டிசிஷன்’ என்ற சொல்லைப் புதிதாகக் கற்கும் அன்றே ‘மேக் எ டிசிஷன்’ என்று முழுத்தொடராக எழுதுங்கள். கோலம் என்றால் ‘போடு’ என்பதை நாம் பட்டியல் போட்டா படித்தோம்? இரண்டும் சேர்ந்தே காதில் விழுந்தன. சேர்ந்தே நாவில் வருகின்றன.

அக்காள் மகன் தன் குறிப்பைத் திருத்திவிட்டான். ‘டிட்’ போய் ‘மேட்’ வந்தது. நாற்பது கேள்விகள் என்ற எண்ணிக்கையும் சேர்ந்தது. அத்தோடு நிற்கவில்லை. அதே முகாமில் அவன் பாத்திரம் கழுவியதையும் ஒரு வரியில் எழுதியிருந்தான். அதில் ‘மேட் த டிஷஸ்’ என்று இருந்தது. படித்தவர்கள் அவனை நல்ல சமையல்காரன் என்று எண்ணியிருப்பார்கள். அதையும் ‘டிட் த டிஷஸ்’ என்று அவனே மாற்றினான்.